கஃபே ஃபிரான்சைஸ் எடுக்கப் போறீங்களா? கணவன் - மனைவி சேர்ந்து எழுதும் கவர் லெட்டரில் என்ன இருக்கணும்... முதலீட்டையும் அனுபவத்தையும் காட்டுவது எப்படி?

"எங்களிடம் 60 லட்சம் ரூபாய் முதலீடு இருக்கிறது. இருவரும் கடுமையாக உழைப்போம். உங்கள் கஃபேவின் கிளையை நடத்த ஒரு வாய்ப்பு தாருங்கள்."

ஃபிரான்சைஸ் கேட்டு வரும் பல கடிதங்கள் இப்படித்தான் இருக்கும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடிதத்தைக் கையில் எடுக்கும் நிறுவன அதிகாரிக்கு இதில் எந்தப் பதிலும் கிடைக்காது. அந்த 60 லட்சம் எங்கே இருக்கிறது, அடுத்த மாதமே கடை போடச் சொன்னால் எவ்வளவு கைக்கு வரும், காலை 7 மணிக்கு ஷட்டரைத் திறக்கப் போவது யார்? அவர் தேடுவது இதைத்தான்.

கடிதம் எழுதும் தம்பதிக்கும் இந்தக் கேள்விகள் முக்கியம். ஒரு வீட்டின் மொத்த சேமிப்பும் ஒரே கடைக்குள் போகிறது. கடிதத்திலேயே கணக்கு சரியாக இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே ஆபத்து எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஈரோட்டில் இருக்கும் ஒரு தம்பதியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக அமைத்த கணக்கு. கணவர் 11 ஆண்டுகளாக பேக்கரி ஒன்றில் வேலை பார்க்கிறார், கடைசி 4 ஆண்டுகளாக சூப்பர்வைசர். மனைவி ஜவுளி நிறுவனம் ஒன்றில் 6 ஆண்டுகளாகக் கணக்கு பார்க்கிறார். ஒரு பையன், பள்ளியில் படிக்கிறான்.

60 லட்சம் எப்படி 12 லட்சம் ஆனது?

முதல் தடவை எழுதியபோது இவர்கள் எல்லாவற்றையும் கூட்டித்தான் 60 லட்சம் என்று போட்டார்கள். அதில் ஊருக்கு வெளியே வாங்கிப் போட்ட ஒரு மனை இருந்தது. மனைவியின் நகை இருந்தது. இருவரின் பி.எஃப் பணமும் இருந்தது.

இது சொத்துக் கணக்கு, முதலீட்டுக் கணக்கு இல்லை. மனை நாளைக்கே விற்காது. அவசரத்துக்கு விற்றால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். பி.எஃப் பணம் வேலையை விட்ட அன்றே முழுசாகக் கைக்கு வராது. நகையை அடகு வைத்தால் அதன் முழு மதிப்புக்கும் கடன் தர மாட்டார்கள். கிடைக்கும் தொகையும் கடன்தான், சொந்தப் பணம் கிடையாது.

எனவே பணத்தை மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும்.

முதலாவது, கையில் இருக்கும் பணம். இவர்களுக்கு ஃபிக்சட் டெபாசிட் 8.50 லட்சம், சேமிப்புக் கணக்கில் 2 லட்சம், முதிர்ந்த ஆர்.டி 1.50 லட்சம். ஆக 12 லட்சம் ரூபாய்.

இரண்டாவது, வாங்கப் போகும் கடன். நகைக்கடன் 5.50 லட்சம். முத்ரா திட்டத்தில் 5 லட்சம். முத்ராவில் 50 ஆயிரத்துக்கு மேல் 5 லட்சம் வரை உள்ள கடன் 'கிஷோர்' பிரிவில் வரும், அதற்குச் சொத்து ஜாமீன் தேவையில்லை. இரண்டும் சேர்த்து 10.50 லட்சம்.

மூன்றாவது, தொடக் கூடாத பணம். பையனின் படிப்புக்காகத் தனியாக வைத்திருக்கும் 2 லட்சம், மனை, பி.எஃப் மூன்றும் இதில் வரும். இவற்றைக் கடிதத்தில் ஒரே வரியில் சொன்னால் போதும். தொகைக்குள் சேர்க்கக் கூடாது.

இப்படிப் பார்த்தால் இவர்களால் திரட்ட முடிவது 22.50 லட்சம். அதில் பாதிக்குச் சற்று மேல் சொந்தப் பணம். 60 லட்சத்தோடு ஒப்பிட்டால் சின்னத் தொகைதான். ஆனால் இதில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பேப்பர் காட்ட முடியும். நிறுவனத்துக்கு வேண்டியது அதுதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இல்லாத பணத்தை இருப்பதாக எழுதி, அதை நம்பி நிறுவனம் ஒப்பந்தம் போட்டால் பிறகு சிக்கல் வரும். தவறான தகவலை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையை, 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் மறுதரப்புக்குக் கொடுக்கிறது.

இந்தப் பணம் எங்கே போகும்?

கையில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது எதற்குச் செலவாகும் என்பது தங்களுக்குத் தெரியும் என்பதையும் கடிதம் காட்ட வேண்டும். இவர்களின் கணக்கு இது:

• ஃபிரான்சைஸ் கட்டணம் 4 லட்சம், அதற்கு 18% ஜி.எஸ்.டி 72 ஆயிரம் - 4.72 லட்சம்
• இன்டீரியர் வேலை, காபி மெஷின், ஃப்ரிட்ஜ், பில்லிங் மெஷின் - 11 லட்சம்
• கடை அட்வான்ஸ், மாதம் 35 ஆயிரம் வீதம் 6 மாத வாடகை - 2.10 லட்சம்
• முதல் சரக்கு - 80 ஆயிரம்
• உணவுப் பாதுகாப்பு உரிமம் உள்ளிட்ட லைசென்ஸ், இதர செலவு - 28 ஆயிரம்
• கடை ஓடுவதற்கான கையிருப்பு, 4 மாதத்துக்கு - 3.60 லட்சம்

மொத்தம் 22.50 லட்சம்.

இதில் இரண்டு இடங்களில் பலர் தவறு செய்கிறார்கள். ஒன்று ஜி.எஸ்.டி. நிறுவனம் "கட்டணம் 4 லட்சம்தான் சார்" என்று சொல்லும்போது வரி அதற்கு மேல் தனி. சாதாரண உணவகங்கள் 5% ஜி.எஸ்.டி வசூலிக்கும், ஆனால் அவற்றுக்கு உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. அதாவது கட்டிய 72 ஆயிரத்தைப் பிறகு வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அது முழுக்கச் செலவுதான்.

இன்னொன்று கையிருப்பு. கடை திறக்கும் நாளோடு பணம் தீர்ந்துபோனால், மூன்றாவது மாதம் வாடகைக்கு வெளியே வட்டிக்கு வாங்க வேண்டி வரும். இவர்களுக்கு வாடகை 35 ஆயிரம், மூன்று பேர் சம்பளம் 42 ஆயிரம், கரன்ட் 13 ஆயிரம் என்று மாதம் 90 ஆயிரம் நிரந்தரச் செலவு. அதை நான்கு மாதத்துக்கு எடுத்து வைத்ததுதான் 3.60 லட்சம். கடிதத்தில் இந்த ஒரு வரி இருந்தாலே, எழுதியவர்கள் விவரம் தெரிந்தவர்கள் என்று நிறுவனம் புரிந்துகொள்ளும்.

ஒரு நாளைக்கு எத்தனை பில் போடணும்?

கடிதம் எழுதும் முன் போட வேண்டிய கடைசிக் கணக்கு இது. முத்ரா கடனை 11% வட்டியில் 5 ஆண்டுகளில் கட்டுவதாக வைத்தால், தவணை மாதம் சுமார் 10,900 ரூபாய். நகைக்கடனுக்கு 9.5% வட்டி என்றால் மாதம் சுமார் 4,350 ரூபாய். இதை 90 ஆயிரத்தோடு சேர்த்தால் மாதச் செலவு 1.05 லட்சத்தைத் தாண்டும்.

விற்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சரக்குக்கு 35 ரூபாய், நிறுவனத்துக்கு ராயல்டி 5 ரூபாய் போனால் மிச்சம் 60 ரூபாய். அப்படியென்றால் செலவை மட்டும் சரிக்கட்டவே மாதம் சுமார் 1.75 லட்சத்துக்கு விற்க வேண்டும். நாளுக்கு 5,850 ரூபாய். வரி போக ஒரு பில் சராசரியாக 90 ரூபாய் என்றால், தினமும் 65 பில்.

இதில் கணவருக்குச் சம்பளம் இல்லை. நகையை மீட்க அசலும் சேர்க்கவில்லை. 65 பில் வரை கடை யாருக்கும் சோறு போடாது, மூடாமல் நிற்கும், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முடிவை எடுப்பது எளிது.

இரண்டு பேரும் வேலையை விடணுமா?

"நாங்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக உழைப்போம்" என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். ஆர்வத்தைக் காட்டும் என்று நினைத்தார்கள். உண்மையில் இது நிறுவனத்துக்குக் கவலை தரும் வரி. இரண்டு சம்பளமும் ஒரே மாதத்தில் நின்றால், வீட்டுச் செலவுக்குக் கல்லாவில்தான் கை வைப்பார்கள். சரக்குப் பணமும் ராயல்டியும் அப்போது தள்ளிப்போகும்.

எனவே இரண்டாவது கடிதத்தில் மாற்றினார்கள். கணவர் வேலையை விட்டு முழு நேரம் கடையில் இருப்பார். மனைவி முதல் ஒரு வருடம் தன் வேலையைத் தொடர்வார். வீட்டுச் செலவு அவர் சம்பளத்தில் நடக்கும். மாலையில் கடைக் கணக்கு, சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி வேலையைப் பார்ப்பார்.

தம்பதியாக விண்ணப்பிக்கும்போது நிறுவனம் தயங்கும் இன்னொரு விஷயம், யாரிடம் பேசுவது என்பது. ஒருவர் சரி என்பார், இன்னொருவர் வேண்டாம் என்பார். கடை நிர்வாகத்தில் கடைசி வார்த்தை யாருடையது, பணத்தில் யாருடையது என்று கடிதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

அனுபவத்தை எப்படி எழுதுவது?

"உணவுத் துறையில் 11 ஆண்டு அனுபவம்" என்று மட்டும் எழுதினால் அது வெறும் வருஷக் கணக்கு. கஃபே நடத்த உதவும் வேலை எது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினார், சரக்கு வீணாவதை எப்படிக் கண்காணித்தார், காலை ஷிஃப்ட்டுக்கு ஆள் வராத நாளில் என்ன செய்தார் போன்றவை.

தெரியாததையும் சொல்ல வேண்டும். இந்தக் கணவருக்கு பேக்கரி தெரியும், எஸ்பிரெசோ மெஷின் தெரியாது. கிரைண்டரில் தூளின் பதம் மாறினால் காபியின் ருசி மாறும் என்பதெல்லாம் புதுசு. அதை மறைத்தால் பயிற்சியின் முதல் நாளே வெளியே வந்துவிடும். சொன்னால், எத்தனை நாள் பயிற்சி என்று பேசுவதற்கு அதுவே வழி.

மாதிரி கடிதம்

எல்லாவற்றையும் சேர்த்து அவர்கள் எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இப்படி அமையலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் என்றால் இதையே ஆங்கிலத்தில் அனுப்பலாம்.

*பெறுநர்: ஃபிரான்சைஸ் பிரிவு மேலாளர்*

*பொருள்: ஈரோடு பெருந்துறை சாலையில் கிளை நடத்த விண்ணப்பம்*

*ஐயா / அம்மா, வணக்கம்.*

*ஈரோட்டில் உங்கள் கஃபேவின் கிளை ஒன்றை நடத்த நாங்கள் கணவன் மனைவியாக விண்ணப்பிக்கிறோம். எங்களால் திரட்ட முடிந்த மொத்த முதலீடு 22.50 லட்சம் ரூபாய். இதில் 12 லட்சம் எங்கள் சொந்தப் பணம், வங்கியில் இருக்கிறது. 5.50 லட்சம் நகைக்கடனாகப் பெறுவோம். 5 லட்சம் முத்ரா கடனுக்கு வங்கியை அணுகியுள்ளோம், இன்னும் ஒப்புதல் வரவில்லை. இந்தத் தொகையில் 3.60 லட்சத்தை முதல் நான்கு மாதச் செலவுக்காகத் தனியாக வைத்திருப்போம். எங்களுக்குச் சொந்தமாக ஒரு மனை இருக்கிறது. அதை இந்த முதலீட்டில் சேர்க்கவில்லை.*

*கணவர் பேக்கரி ஒன்றில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். கடைசி 4 ஆண்டுகளாக 9 பேர் கொண்ட ஷிஃப்ட்டுக்குப் பொறுப்பாளர். தினசரி சரக்கு வாங்குவது, மிச்சமாகும் பொருளைக் கணக்கெடுப்பது, காலை விற்பனை ஆகியவை அவர் வேலை. காபி மெஷினில் அவருக்கு அனுபவம் இல்லை. உங்கள் பயிற்சியில் முழுமையாகக் கலந்துகொள்வார். மனைவி ஜவுளி நிறுவனத்தில் 6 ஆண்டுகளாகக் கணக்கு, ஜி.எஸ்.டி தாக்கல், சம்பளப் பட்டியல் பார்க்கிறார்.*

*கடையைக் கணவர் முழு நேரமாக நடத்துவார். மனைவி முதல் ஓர் ஆண்டு தன் வேலையைத் தொடர்ந்தபடி கடைக் கணக்கைக் கவனிப்பார். நிர்வாகத்தில் கணவரும், பணம் தொடர்பானவற்றில் மனைவியும் இறுதி முடிவு எடுப்போம்.*

*நாங்கள் பார்த்துள்ள இடத்தின் வாடகை மாதம் 35 ஆயிரம் ரூபாய். வேலை நாள் இரண்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் காலை, மாலை அந்த வழியாகச் செல்பவர்களை எண்ணி வைத்திருக்கிறோம். பட்டியல் இணைப்பில் உள்ளது. எங்கள் கணக்குப்படி தினமும் 65 பில் போட்டால் செலவு சரியாகும். உங்கள் கிளைகளின் நிலவரத்தோடு இது பொருந்துகிறதா என்று அறிய விரும்புகிறோம்.*

*முடிவெடுக்கும் முன் எங்களுக்குச் சில விவரங்கள் தேவை. கடந்த மூன்று ஆண்டுகளில் திறந்த கிளைகள் எத்தனை, மூடியவை எத்தனை? இப்போது கிளை நடத்தும் மூன்று பேரிடம் நாங்கள் நேரில் பேச முடியுமா? எங்கள் கடையிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் வேறு கிளை தர மாட்டீர்கள்? இடத்தை நீங்கள் நிராகரித்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்குமா?*

*இப்படிக்கு,*
*(இருவரின் கையெழுத்து)*

*இணைப்பு: வங்கி இருப்புச் சான்று, பணி அனுபவச் சான்றுகள், இடத்தின் புகைப்படம், ஆட்கள் நடமாட்டப் பட்டியல்*

கடைசியில் ஏன் அத்தனை கேள்விகள்?

"நாமதானே கேட்டுப் போறோம், நாமளே கேள்வி கேட்டா தர மாட்டாங்களே" என்ற தயக்கம் பலருக்கு உண்டு. அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் தரும் நிறுவனம், ஒப்பந்தத்துக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்பு தன் விவரங்கள் அடங்கிய ஆவணத்தைத் தந்தாக வேண்டும். இந்தியாவில் ஃபிரான்சைஸ் தொழிலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. மூடிய கிளைகளின் கணக்கை யாரும் தாமாகக் கொண்டுவந்து கொடுக்கப் போவதில்லை. கேட்டால்தான் உண்டு.

நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. கிளை நடத்துபவர்களின் தொடர்பைத் தர மறுத்தாலோ, "இன்னைக்கே புக் பண்ணலைன்னா ஏரியா போயிடும்" என்று அவசரப்படுத்தினாலோ அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

கடிதத்தில் எதை எழுதக் கூடாது?

ஆதார், பான், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை முதல் கடிதத்தில் தரத் தேவையில்லை. வங்கிச் சான்றில் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படி மறைத்து அனுப்பலாம். முழு விவரம், நிறுவனத்தை நேரில் பார்த்துப் பேசிய பிறகு போதும்.

பிரபல பிராண்டுகளின் பெயரில் போலி இணையதளம் தொடங்கி, விண்ணப்பம் வாங்கி, 'பதிவுக் கட்டணம்' கேட்டு ஏமாற்றும் கும்பல்கள் இருக்கின்றன. உதாரணமாக, ஸ்டார்பக்ஸ் இந்தியாவுக்கு 2012-ல் வந்தது. இங்குள்ள கடைகளை டாடாவுடன் சேர்ந்த கூட்டு நிறுவனமே நடத்துகிறது. அந்தப் பெயரில் யாராவது "கிளை தருகிறோம்" என்று மெயில் அனுப்பினால் உஷாராக வேண்டும்.

நிறுவனம் பதிவானதா என்பதை mca.gov.in தளத்தில் பார்க்கலாம். பிராண்டின் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதை ipindia.gov.in தளத்தில் தேடலாம், உணவகச் சேவை 43-வது வகுப்பில் வரும். தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் போடவே கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் தர வேண்டும்.

இருவரும் கையெழுத்துப் போட்டால்?

கடிதத்தில் இருவரும் கையெழுத்துப் போடுவதால் எந்தப் பொறுப்பும் வந்துவிடாது. ஒப்பந்தத்தில் போடுவது வேறு. கணவன் மனைவி பார்ட்னர்ஷிப்பாகக் கடையை நடத்தினால், 1932-ம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி கடையின் கடனுக்கு இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. கடை நொடித்தால் மனைவியின் சம்பளச் சேமிப்பிலும் கை வைக்க முடியும்.

அந்தப் பொறுப்பு வேண்டாம் என்றால் கணவர் பெயரில் மட்டும் கடையைத் தொடங்கி, மனைவி ஜாமீன் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம். நிறுவனமும் வங்கியும் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்கிறார்களா என்பதை, கடிதத்துக்குப் பதில் வந்து பேசப் போகும் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டால் பேரம் பேச இடம் இருக்காது.